விருது வந்த வாரத்தில் தன்குறிப்பைத் திருத்துவது

"அக்கா, என் முதல் சிறுகதைத் தொகுப்புக்குப் போன வாரம் ஒரு விருது அறிவித்திருக்கிறார்கள். விழா அடுத்த மாதம். ஆகஸ்ட்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஒரு பயோ வேண்டும், கோவையில் ஒரு கல்லூரிக் கூட்டத்துக்கு ஒன்று, தொகுப்பின் இரண்டாம் பதிப்புக்கு ஒன்று. விருதைச் சேர்த்து எழுதினால் அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படமாட்டேன் என்கிறது. விட்டுவிட்டால் 'ஏனுங்க மறைச்சீங்க' என்று கேட்கிறார்கள். எங்கே, எவ்வளவு, எப்படிச் சேர்ப்பது? பழைய குறிப்பையும் நான் திருத்தியதையும் அனுப்பியிருக்கிறேன்."

வாழ்த்து, அம்மணி. விருதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அந்த வாக்கியத்துக்கு உங்கள் நூல் எழுவாயாக இருக்கட்டும், நீங்கள் வேண்டாம். இடம், குறிப்பின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால். முதல் வாக்கியத்தை, எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதற்கு விட்டுவிடுங்கள். உங்கள் குறிப்பையே எடுத்து இதைச் செய்து காட்டுகிறேன்.

பழையது இது:

> வெள்ளக்கோவில் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கல்லூரி நாட்களில் கவிதைப் போட்டியில் முதல் பரிசு பெற்றவர். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். பல்லடம், சோமனூர் வட்டார விசைத்தறிக் குடும்பங்களைப் பற்றிச் சிறுகதைகள் எழுதுகிறார். சிற்றிதழ்களில் இவருடைய கதைகள் வெளிவந்துள்ளன. இது இவருடைய முதல் தொகுப்பு.

நீங்கள் திருத்தியது இது. விருதின் பெயர் வரும் இடத்தில் 'இன்ன விருது' என்று மாற்றியிருக்கிறேன்:

> அண்மையில் 2025ஆம் ஆண்டுக்கான பெருமைமிகு இன்ன விருதை வென்ற எழுத்தாளரான இவர், வெள்ளக்கோவில் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கல்லூரிக் கவிதைப் போட்டி முதல் பரிசு உள்ளிட்ட பல விருதுகளைப் பெற்றவர். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். விசைத்தறிக் குடும்பங்களைப் பற்றியும் எழுதியுள்ளார்.

பழைய குறிப்பில் முழு வாக்கியமாக இருந்த விசைத்தறிக் குடும்பங்கள், புதியதில் கடைசியில் 'பற்றியும்' என்று ஓர் உம்மைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டுவிட்டன. பல்லடமும் சோமனூரும் காணாமலே போயின. விருது கூடுதலாக வந்து உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. அது இருந்தவர்களை எழுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. விருதுச் செய்தி குறிப்பை விழுங்கிவிட்டதா என்று கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது சுருங்கியது, எது போயிற்று என்று பாருங்கள். சுருங்கியது வேறு பரிசு என்றால் நல்லது. சுருங்கியது உங்கள் எழுத்து என்றால் திருத்தம் தவறிப்போயிருக்கிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. குறிப்பை வீட்டில் யாரிடமாவது ஒரே ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, "இவங்க என்ன பண்றவங்க?" என்று கேளுங்கள். "தறிக்காரங்களப் பத்திக் கதை எழுதறவங்க" என்று பதில் வந்தால் குறிப்பு சரி. "ஏதோ அவார்டு வாங்குனவங்க" என்று வந்தால் மறுபடி எழுத வேண்டியதுதான். 25 வருடமாக மெய்ப்புப் பார்த்தும் பின்னட்டைக் குறிப்பு எழுதியும் வருகிறேன். இந்தச் சோதனை என்னை ஏமாற்றியதில்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கோபியில் ஒரு பெரியவர். ஒரு நூல் அறிமுகக் கூட்டம். நூலாசிரியைக்கு அப்போதுதான் ஒரு பரிசு கிடைத்திருந்தது. அழைப்பிதழுக்கு அவருடைய குறிப்பை எழுதிக் கொடுத்தது நான்தான். பரிசின் பெயர், கொடுத்த அமைப்பு, பரிசுத் தொகை, யார் கையால் வாங்கினார் என்று நாலு வரி எழுதியிருந்தேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, வேட்டி மடிப்பில் அழைப்பிதழைச் சொருகியிருந்த அந்தப் பெரியவர் அதை எடுத்து விரித்து, நூலாசிரியையிடம் காட்டினார். "அம்மணி, பரிசு வாங்குனது ரொம்பச் சந்தோசமுங்க. எதப் பத்தி எழுதியிருக்கறீங்கன்னு இதுல ஒண்ணுமே போடலீங்களே?" அந்த அம்மா எழுதியிருந்தது கீழ்பவானி வாய்க்கால் ஓரத்துப் பண்ணையத்தைப் பற்றி. பெரியவருக்கு அதே வாய்க்காலில்தான் பாசனம். தன் வாய்க்காலைப் பற்றிய புத்தகம் என்று தெரியாமலே அவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தத் தவறு என்னுடையது.

இப்போது வாக்கியத்துக்கு வருகிறேன். தமிழில் இந்தச் சிக்கல் கூடுதலாக வருவதற்கு நம் மொழியின் அமைப்பே ஒரு காரணம். நாம் அடைமொழியைப் பெயருக்கு முன்னால்தான் வைப்போம். 'விருதை வென்ற எழுத்தாளர்' என்று பெயரெச்சமாக எழுதிவிட்டால், விருது முதலில் வந்துவிடுகிறது, ஆள் பின்னால் வருகிறார். அதோடு பெயரெச்சம் ஒரு நிலையான அடையாளமாக ஒட்டிக்கொள்ளும். 'மாடு மேய்க்கிற பையன்' என்றால் அவனுக்கு அதுதான் வேலை என்று பொருள்படுகிற மாதிரி, 'விருது வென்ற எழுத்தாளர்' என்றால் விருது வெல்வதே உங்கள் தொழில் மாதிரி ஆகிவிடுகிறது. அதே செய்தியை வினைமுற்றாக, தனி வாக்கியத்தின் முடிவில் வைத்துப் பாருங்கள்: 'அந்தத் தொகுப்பு 2025ஆம் ஆண்டின் இன்ன விருதைப் பெற்றது.' நடந்த ஒரு நிகழ்ச்சியாக அது நின்றுவிடுகிறது. மற்ற வாக்கியங்களின் மேல் ஏறி உட்காருவதில்லை. நான் சொல்லும் மாற்றங்களில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

எழுவாய் நூலாக இருக்கவேண்டும் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. உங்களுக்கு வந்த விருது தொகுப்புக்கு வந்தது. கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. எனவே 'தொகுப்பு பெற்றது' என்பதுதான் உண்மை. அடக்கத்துக்காகச் சுற்றி வளைத்துச் சொல்வது இல்லை இது. எல்லா விருதும் இப்படி இல்லை. சில விருதுகள் நூலுக்கு, சில ஆளுக்கு. ஒரே விருது காலப்போக்கில் மாறியதும் உண்டு. ஞானபீடம் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட படைப்புக்காகத் தரப்பட்டது, 1982க்குப் பிறகு மொத்தப் பங்களிப்புக்கு என்று மாறியது. அகிலன் 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீடத்தை ஒரு நாவலுக்காகப் பெற்றார். ஜெயகாந்தன் 2002ஆம் ஆண்டுக்கானதைத் தம் மொத்த எழுத்துக்காகப் பெற்றார். இருவருடைய குறிப்பிலும் அந்த வாக்கியத்தின் எழுவாய் வேறாகத்தான் இருக்கவேண்டும். ஆளுக்கு வந்த விருதை 'நூல் பெற்றது' என்று எழுதினால் தவறான தகவல். நூலுக்கு வந்ததை 'இவர் தமிழ்ப் பணிக்காகப் பெற்றார்' என்று ஊதினாலும் தவறான தகவல். அறிவிப்புக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். அது 'பரிசு' என்றால் நீங்களும் பரிசு என்றே எழுதுங்கள், விருது ஆக்க வேண்டாம். இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தால் 'பகிர்ந்துகொண்டது' என்று எழுதுங்கள். இறுதிப் பட்டியலில் இடம்பெறுவது ஒன்று, விருது பெறுவது வேறு.

அடுத்தது ஆண்டு. 'அண்மையில்' என்ற சொல்லை இப்போதே அடித்துவிடுங்கள். 'சமீபத்தில்', 'இந்த ஆண்டு' எல்லாமே அப்படித்தான். அழைப்பிதழில் வந்தால் ஒரு மாதத்தில் குப்பைக்குப் போய்விடும், கெடுதல் இல்லை. ஆனால் குறிப்பு ஓர் இடத்தோடு நிற்பதில்லை. கல்லூரிக்காரர்கள் அழைப்பிதழிலிருந்து எடுப்பார்கள், அவர்களிடமிருந்து இன்னொருவர் எடுப்பார். நான் மெய்ப்புப் பார்த்த ஒரு மறுபதிப்பில், 6 வருடத்துக்கு முன்னால் வந்த பரிசு 'அண்மையில்' என்றே அச்சாகிவிட்டது. என் கண்ணிலும் தப்பிவிட்டது. ஆண்டைப் போட்டிருந்தால் அது என்றைக்கும் சரியாகவே இருந்திருக்கும்.

எந்த ஆண்டு என்பதிலும் ஒரு குழப்பம் வரும். சாகித்திய அகாதெமி விருது பெரும்பாலும் டிசம்பரில் அறிவிக்கப்படும், வழங்கும் விழா அடுத்த ஆண்டில் நடக்கும். விருதுக்கு ஓர் ஆண்டு, கையில் வாங்குவது வேறோர் ஆண்டு. குறிப்பில் விருதுக்கு உரிய ஆண்டைத்தான் போடவேண்டும், விழா நடந்த ஆண்டை இல்லை. உங்களுக்கு இரண்டும் ஒரே ஆண்டில் வந்துவிட்டதால் தொந்தரவு இல்லை. விழா அடுத்த மாதம்தான் என்பதால், இந்த மாதத்தில் எங்காவது குறிப்பு வெளியாக வேண்டியிருந்தால் 'விருதுக்குத் தேர்வாகியுள்ளது' என்று போடுங்கள். ஆகஸ்ட்டில் கைக்குப் போகும் அழைப்பிதழுக்கு 'பெற்றது' என்றே இப்போதே எழுதிக் கொடுக்கலாம், அதற்குள் விழா முடிந்திருக்கும். ஆனால் 'தேர்வாகியுள்ளது' என்பதை விழா முடிந்தபின் அப்படியே விட்டுவிடக் கூடாது. ஒரு வருடம் கழித்துப் படிப்பவருக்கு, பட்டியலில் மட்டும்தான் வந்ததோ என்று சந்தேகம் வரும்.

'பெருமைமிகு' என்பதையும் எடுத்துவிடுங்கள். படிப்பவருக்கு அந்த விருது தெரியும் என்றால் அந்தச் சொல் வீண். தெரியாது என்றால் அந்தச் சொல் எதையும் சொல்லித்தருவதில்லை. தெரியாத விருது என்று தோன்றினால், எதற்காகத் தருகிறார்கள் என்பதை ஓரிரு சொல்லில் வைத்தால் போதும்: 'சிறுகதைத் தொகுப்புக்கான இன்ன விருது'. பரிசுத் தொகை, வழங்கியவர் பெயர், நடுவர்கள் சொன்ன பாராட்டு மூன்றும் தன்குறிப்புக்கு உரியவை இல்லை. அவை செய்திக்கு உரியவை. ஊருக்குச் செய்தி சொல்ல ஒரு தனிப் பதிவு போடுங்கள், அதில் படத்தோடு எல்லாவற்றையும் எழுதுங்கள், மனசு நிறைய எழுதுங்கள். செய்தியை அங்கே இறக்கிவைத்துவிட்டால் குறிப்புக்குள் அதைத் திணிக்கவேண்டும் என்ற அரிப்பு தானாகவே குறைந்துவிடும். விருது வந்த வாரத்தில் குறிப்பு வீங்குவதற்குப் பாதிக் காரணம், செய்திக்கும் குறிப்புக்கும் சேர்த்து ஒரே உரையை எழுதுவதுதான்.

கல்லூரிக் கவிதைப் போட்டிப் பரிசை என்ன செய்வது? பழைய குறிப்பில் அதற்கு ஓர் இடம் இருந்தது, சொல்ல வேறு பரிசு இல்லை. இப்போது இருக்கிறது. இரண்டையும் சேர்த்து 'உள்ளிட்ட பல விருதுகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பரிசு ஒன்று, விருது ஒன்று, அது 'பல' ஆகாது. படிக்கிறவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். போட்டிப் பரிசை எடுத்துவிடுங்கள். அது போன இடம்தான் விருதுக்கான இடம். குறிப்பின் நீளம் கூடாமல் விருது உள்ளே வருவதற்கு இதுவே நேரான வழி: புதிதாக ஒன்று வந்தால் அதே இனத்தில் சிறியது ஒன்று வெளியே போகவேண்டும். 'சிற்றிதழ்களில் கதைகள் வெளிவந்துள்ளன' என்பதும் போகலாம். தொகுப்பு வந்துவிட்டது, கதைகள் எங்கோ வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியும்.

ஆனால் பனியன் கம்பெனிக் கணக்கு வேலையை எடுக்க வேண்டாம். தொலைபேசியில் பேசும்போது அதை எடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். விருது வாங்கினவருக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தெரியலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. தறிக்காரருக்குக் கூலி எப்படிக் கணக்காகிறது, பாவு ஓடி முடிந்து எவ்வளவு பிடித்தம் போகிறது என்று உங்கள் கதைகளில் வருகிற துல்லியம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த ஒரு வரிதான் சொல்கிறது. விருதைக் காட்டிலும் அந்த வரி உங்கள் கதையைப் படிக்கத் தூண்டும்.

இவ்வளவும் செய்தபின் குறிப்பு இப்படி வருகிறது. தொகுப்பின் பெயருக்குப் புள்ளிகள் வைத்திருக்கிறேன்:

> பல்லடம், சோமனூர் வட்டார விசைத்தறிக் குடும்பங்களின் வாழ்க்கையைச் சிறுகதைகளாக எழுதுகிறார். வெள்ளக்கோவில் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். முதல் தொகுப்பான '……' 2024இல் வெளிவந்து, 2025ஆம் ஆண்டின் இன்ன விருதைப் பெற்றது. சாயப்பட்டறைத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு நாவல் எழுதிவருகிறார்.

மொத்தம் 33 சொற்கள். அதில் விருதுக்குப் போனது 5 சொற்கள், ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அதை யாரும் தவறவிடமாட்டார்கள், ஏனென்றால் ஒரு வாக்கியத்தின் முற்று அதில்தான் விழுகிறது. இந்த அளவுதான் எனக்குப் பிடித்த அளவு. 100 சொல்லுக்குக் குறிப்பு நீண்டாலும் விருது அதே 5 சொல்லில் நிற்கட்டும், கூடுவது உங்கள் எழுத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

கடைசி வாக்கியத்தில் விருதை வைக்காமல் நாவலை வைத்ததும் யோசித்துத்தான். குறிப்பைப் படித்து முடிக்கும்போது கடைசியாகக் கண்ணில் பட்டதுதான் மனதில் தங்கும். விருது கடைசியாக வந்தால், அதோடு உங்கள் வேலை முடிந்துவிட்டது போல ஒரு தொனி வந்துவிடுகிறது. இதற்கு ஒரு வரம்பும் உண்டு: 'எழுதிவருகிறார்' என்பதும் நாளானால் கெட்டுப்போகிற வாக்கியம்தான். அழைப்பிதழுக்கு அது சரி. ஆண்டுக்கணக்கில் விற்கப்போகிற புத்தகத்தின் பின்னட்டைக்கு வேண்டாம். அங்கே அந்த வரியை எடுத்துவிட்டு, பிறந்த ஊர் வாக்கியத்தைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள்.

பின்னட்டை என்றதும் சொல்லவேண்டிய இன்னொன்று. உங்கள் இரண்டாம் பதிப்பில் ஆசிரியர் குறிப்பிலிருந்து விருதை முழுவதுமாக எடுத்துவிடச் சொல்கிறேன். பதிப்பகத்தார் எப்படியும் முன்னட்டையில் 'இன்ன விருது பெற்ற நூல்' என்று ஒரு வட்டம் போடுவார்கள். அது அவர்கள் வேலை, புத்தகம் விற்கவேண்டும். பதிப்பு விவரப் பக்கத்திலும் வரும். விருது வாங்கிய புத்தகத்தையே கையில் வைத்துக்கொண்டிருப்பவருக்குத் திரும்ப மூன்றாவது முறை சொல்லவேண்டியதில்லை. அங்கே குறிப்பு உங்கள் ஊரையும் வேலையையும் சொல்லட்டும். உங்கள் அடுத்த புத்தகத்தில் அது திரும்ப வரவேண்டும், ஏனென்றால் அங்கே முதல் தொகுப்பைத் தெரியாத வாசகர் இருப்பார்.

மேடை வேறு கதை. நம் பக்கத்துக் கூட்டங்களில் தொகுத்து வழங்குபவர் உங்கள் குறிப்பை அப்படியே வாசிக்கமாட்டார். அவருக்கு அடைமொழி வேண்டும், கைதட்டலும் வேண்டும். நீங்கள் ஒரு வரி கொடுத்தால் அவர் மூன்று வரி ஆக்குவார். அதனால் அழைப்பிதழுக்கு மேலே உள்ள குறிப்பைக் கொடுத்துவிட்டு, தொகுப்பாளருக்கென்று தனியாக ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுங்கள். அதில் விருது கடைசியில் வரட்டும், பெயரைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால்:

> பல்லடத்துத் தறிக்குடியையும் சோமனூர்த் தறிச் சத்தத்தையும் கதைகளாக எழுதுகிறவர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். இவருடைய முதல் தொகுப்புக்கு 2025ஆம் ஆண்டின் இன்ன விருது கிடைத்திருக்கிறது. அவரை மேடைக்கு அழைக்கிறேன்.

எழுத்தில் நான் விருதைக் கடைசிக்குக் கொண்டுபோகாதே என்றேன், பேச்சில் கொண்டுபோ என்கிறேன். பேச்சில் விருது என்ற சொல் வந்தவுடன் கைதட்டல் வரும். நடுவில் வந்தால் அடுத்த வரி கைதட்டலில் அமுங்கிப்போகும், விசைத்தறி யார் காதிலும் விழாது. கடைசியில் வந்தால் கைதட்டலுக்குள்ளேயே நீங்கள் படியேறி மைக்குக்கு வந்துவிடலாம். சீட்டில் எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், ஊர்ப்பெயர், விருதுப்பெயர் இரண்டையும் முன்கூட்டியே ஒருமுறை அவரிடம் வாயால் சொல்லிவிடுங்கள். விருதுப் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டு நீங்கள் மேடையிலேயே திருத்தவேண்டி வந்தால், அப்புறம் அன்றைய பேச்சே விருதைப் பற்றியதாக ஆகிவிடும்.

அழைப்பிதழ் அடிக்கிறவர்கள் உங்கள் பெயருக்கு முன்னாலேயே விருதின் பெயரைப் போடப் பார்ப்பார்கள். பாசத்தில் செய்வதுதான். மெய்ப்பு கேட்டு வாங்கிப் பாருங்கள், அப்படி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் விருதுக்குச் சட்டம் எதுவும் குறுக்கே நிற்காது, வெறும் நயம்தான். ஆனால் பத்ம விருதுகளுக்கும் பாரத ரத்னாவுக்கும் நிலைமை வேறு. அரசமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடுக்கிறது. இந்த விருதுகள் பட்டங்கள் இல்லை, ஆகவே பெயருக்கு முன்னாலோ பின்னாலோ அவற்றைச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. மீறினால் விருதைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. கோவை மாவட்டத்துக்கே 2021இல் இயற்கை விவசாயம் செய்த பாப்பம்மாளுக்கும், 2024இல் வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்திரப்பனுக்கும் பத்மஸ்ரீ வந்தது. அவர்களைப் பற்றி எழுதும்போது 'பத்மஸ்ரீ பத்திரப்பன்' என்று எழுதாமல், 'வள்ளி ஒயில் கும்மியைக் கற்பிப்பவர். 2024இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்' என்று எழுதினால் விதியும் நிற்கிறது, கும்மியும் முன்னால் நிற்கிறது. சட்டம் அவர்களுக்கு எதைக் கட்டாயமாக்குகிறதோ, அதே அமைப்பு உங்களுக்கும் அழகாகப் பொருந்தும்.

போனில் இருக்கிற குறிப்புகளையும் கேட்டிருந்தீர்கள். இன்ஸ்டாகிராமில் 150 குறிகளுக்குத்தான் இடம். தமிழுக்கு அது இன்னும் குறுகல். 'விருது' நமக்கு மூன்றெழுத்து, ஆனால் கணினி வ, இகரக் குறி, ர, உகரக் குறி, த, உகரக் குறி என்று ஆறாக எண்ணும். அதில் விருதும் விசைத்தறியும் இரண்டும் அடங்காது. விசைத்தறி இருக்கட்டும். விருது அறிவித்த பதிவைப் பக்கத்தின் மேலே நிறுத்திவைத்துவிடுங்கள், வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். லிங்க்ட்இன்னில் Honors & awards என்று தனிப் பகுதியே இருக்கிறது, அங்கே போட்டுவிட்டுத் தலைப்பு வரியைத் தொடாமல் விடுங்கள். அங்கே உங்களைத் தேடி வருகிறவர்கள் கணக்கு வேலைக்காக வருகிறவர்கள்.

இந்தக் குறிப்பை அடுத்த புத்தகம் வரும்போது மறுபடி திறக்கவேண்டும். அப்போது விருதுக்குத் தனி வாக்கியம் தேவைப்படாது. 'சிறுகதைத் தொகுப்பு: …… (2024, இன்ன விருது, 2025). நாவல்: ……' என்று நூல் பட்டியலுக்குள் அடைப்புக்குறியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவரைக்கும் முற்று வாக்கியமே இருக்கட்டும். இப்போதே அடைப்புக்குறிக்குள் போட்டால், ஒரே நூலுக்குப் பட்டியல் போட்ட மாதிரி இருக்கும்.

பதிப்பகத்துக்கு முதலில் அனுப்புங்கள், அச்சுக்குப் போனால் திருத்தமுடியாது. அடுத்து ஈரோட்டுக்கு. கல்லூரிக்கு அனுப்பும்போது பழைய குறிப்பு அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அழிக்கச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டையும் ஒட்டி மூன்றாவதாக ஒன்றை அவர்களே செய்துவிடுவார்கள், கவிதைப் போட்டிப் பரிசும் திரும்ப உள்ளே வந்துவிடும். விருதின் முழுப்பெயரையும் தொகுப்பின் பெயரையும் நிரப்பி எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், எழுத்துப் பார்த்துத் தருகிறேன்.